கிணற்றுக் கடன்

எங்கள் கிளையின் பின்னறையில் அடைந்து கிடந்த பழைய கடன் கோப்புகளைக் கழித்துக்கட்டும் வேலை சென்ற வருஷம் என் தலையில் விழுந்தது. தீர்ந்துபோன கடன்கள். சணல் கயிறு இற்று, ஓரங்களைச் செல் அரித்திருந்தது. தூக்கி எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் பார்த்திருப்பேன். கைக்கு வந்த தாளையெல்லாம் வாசிக்கிற கெட்ட வழக்கம் விமர்சனம் எழுத ஆரம்பித்த நாள்முதல் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவிநாசிக்கு வடக்கே, கால்வாய்ப் பாசனம் எட்டாத பகுதி எங்களுடையது. ஆகவே கோப்புகளில் பாதிக்குமேல் கிணற்றுக் கடன்கள். மோட்டார் வாங்க, கிணறு வெட்ட, வெட்டிய கிணற்றை ஆழப்படுத்த. வருஷவாரியாக அடுக்கிக்கொண்டு வாசித்தபோது, தனித்தனிக் கோப்புகளாக இருந்தவை ஒரே நீண்ட வாக்கியம்போல் ஆயின. அந்த வாக்கியத்தில் மாறிக்கொண்டே போனது ஒரே ஒரு சொல்தான்: கிணற்றின் ஆழம்.

என் அப்பாருவின் கோப்பும் அதில் இருந்தது. 1972இல் ஐந்து குதிரைச்சக்தி மோட்டாருக்குக் கடன். கிணற்றின் ஆழம் 35 அடி, அதில் நிற்கும் தண்ணீர் 22 அடி என்று யாரோ ஒரு முன்னோடிக் குமாஸ்தா நீல மசியில் அழகாக எழுதியிருந்தார். 1983இல் அதே கிணற்றை 60 அடிக்கு ஆழப்படுத்தக் கடன். 1991இல் கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளை போட, சைடு போருக்கு. 1998இல் சித்தப்பா பெயரில் 300 அடி ஆழ்துளைக் கிணறு. அதற்குப் பிறகு கிணற்றுக் கடன் என்ற தலைப்பில் எங்கள் குடும்பத்துக்குக் கோப்பு இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இலக்கிய நண்பர்களிடம் ஆழம் என்ற சொல் மிகத் தாராளமாகப் புழங்குகிறது. ஆழமான கவிதை, ஆழமில்லாத நாவல். நானும் எழுதியிருக்கிறேன். தோண்டத் தோண்ட ஊறும் என்ற நம்பிக்கைதான் இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு அது பொருந்தலாம். எங்கள் ஊரின் கீழே இருப்பது பாறை. பாறையின் தர்க்கம் வேறு.

அந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். இங்கே மேல்மண் சில அடிதான். அதன்கீழ் வெயிலும் மழையும் லட்சக்கணக்கான வருஷங்களாகச் சிதைத்த உதிரிப்பாறை. கையால் பிசைந்தால் பொடியாகும். சராசரியாக 30இலிருந்து 60 அடிவரை அது போகும். அதற்கும் கீழே சிதையாத கெட்டிப்பாறை, அங்கங்கே வெடிப்புகளுடன். நிலத்தடி நீர் என்றதும் பூமிக்கடியில் ஓடும் ஒரு ஆற்றைக் கற்பனை செய்துகொள்கிறோம். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து, அது செங்குத்தாக எழுந்து நிற்கும் இடத்தைத் தேடுவதும் அந்த ஆற்றைத்தான். ஆறு எதுவும் இல்லை. உதிரிப்பாறையின் துகள்களுக்கிடையே உள்ள சந்துகளில் தண்ணீர் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சந்துகளும் அற்பம். நூறு கன அடி உதிரிப்பாறையை வடித்தால் இரண்டு கன அடி தண்ணீர் வந்தால் அதிகம். களி கலந்திருந்தால் அதிலும் குறைவு. கெட்டிப்பாறையிலோ இந்த அளவு பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். ஆழம் போகப்போக மேலிருக்கும் பாறையின் பளு வெடிப்புகளை நெரித்து மூடிவிடுகிறது. எங்கள் நிலத்தில் செல்வம் மேலே இருக்கிறது. ஆழத்தில் இருப்பது வறுமை.

இனி வரவு. எங்கள் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் மழை. பெரும்பகுதி ஆவியாகவும் செடிகொடிகளின் வழியாகவும் திரும்பிப் போய்விடும். கொஞ்சம் ஓடிவிடும். களி கலந்த இம்மாதிரிப் பாறை நிலத்தில் மழையில் 8 சதவிகிதம் கீழே இறங்குகிறது என்று கொள்வது மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997இல் வகுத்த வழக்கம். அப்படியானால் வருஷ வரவு ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு ஏக்கரில் இது ஏறக்குறைய 1,94,000 லிட்டர். பெரிய தொகையாகத்தான் தெரிகிறது. வினாடிக்கு ஐந்து லிட்டர் இறைக்கும் ஒரு மோட்டார் இதை 11 மணி நேரத்தில் வெளியே கொட்டிவிடும். ஒரு ஏக்கரின் ஒரு வருஷத்து வரவு ஒரு பகல் பொழுதுக்குக்கூடச் சரியாக வருவதில்லை.

செலவையும் அதே அலகில் பார்க்கலாம். கோடையில் நிலக்கடலை போட்டால் அறுவடைக்குள் அரை மீட்டர் தண்ணீர், அதாவது 50 சென்டிமீட்டர் வேண்டும். வாழைக்கும் கரும்புக்கும் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு. வரவு ஐந்து, செலவு ஐம்பது. ஒரு ஏக்கர் கடலை பத்து ஏக்கர் நிலத்தின் மழையைக் குடிக்கிறது என்று அர்த்தம். நூறு ஏக்கர் உள்ள ஊரில் பத்து ஏக்கர் தோட்டமும் தொண்ணூறு ஏக்கர் மானாவாரிக் காடுமாக இருக்கும்வரை கணக்கு நேராகும். எங்கள் முன்னோர்கள் ஏறக்குறைய அப்படித்தான் வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஞானம் என்று நான் இதைக் கொண்டாட மாட்டேன். மாடுகள் களைத்துவிடும், அவ்வளவுதான் காரணம். கவலை ஓட்டிய காலத்தில் தண்ணீர் நாலடி கீழே போனால் வடக்கயிறு நீளும், சால் ஏற நேரம் பிடிக்கும், நனையும் நிலம் சுருங்கும். ஆழத்தை மாடு முதலில் உணர்ந்து மனிதனுக்குச் சொல்லிவிடும். மோட்டார் சொல்லாது.

பத்து ஏக்கர் தோட்டம் இருபதானால் என்ன ஆகும்? செலவை ஊர் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் 10 சென்டிமீட்டர், வரவு ஐந்து, துண்டு விழுவது ஐந்து. ஆனால் பாறையின் சந்து நூற்றுக்கு இரண்டுதானே. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரை எடுக்க இரண்டரை மீட்டர் பாறையை வடிக்க வேண்டும். எனவே வருஷத்துக்கு எட்டடிபோல நீர்மட்டம் இறங்கும். பாய்ச்சியதில் ஊறித் திரும்புவதை வரவில் சேர்த்தாலும் ஐந்தடி இறங்கும். இரண்டு மழை தவறினால் 35 அடிக் கிணறு தரை தட்டிவிடும். இறங்குவது ஒரே சீராகவும் இருக்காது. உதிரிப்பாறை உள்ளவரை மெல்ல இறங்கி வருகிற தண்ணீர், கெட்டிப்பாறையைத் தொட்டதும் படிகளில் உருண்டு விழுகிறதுபோல் விழும். அதே அளவு தண்ணீருக்கு அங்கே பத்து மடங்கு பாறையை வடிக்க வேண்டியிருக்கிறது. 60 அடியிலிருந்து 300 அடிக்கும், அங்கிருந்து ஆயிரத்துக்கும் ஒரே தலைமுறையில் போனது பேராசையால் மட்டும் என்று சொல்பவர்கள் இந்தப் படியைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எங்கள் பழைய கிணற்றின் சுவரிலேயே வாசிக்கலாம். பாறையைக் குடைந்து கட்டிய மூன்று மேடைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. தரையில் வைக்கும் மோட்டார் பம்பு தண்ணீரை உறிஞ்சித் தூக்குவது காற்றழுத்தத்தின் தயவில். நடைமுறையில் 25 அடிக்குமேல் அது உறிஞ்சாது. தண்ணீர் அதற்கும் கீழே போனால் மோட்டாரைத்தான் கீழே இறக்க வேண்டும். 1972இல் மோட்டார் கிணற்று மேட்டில் இருந்தது. முதல் மேடை எழுபதுகளின் கடைசியில் குடையப்பட்டதாம். இரண்டாவது 1983. மூன்றாவதில் எனக்கு நினைவு தெரிந்தபோதே துரு ஏறிய நான்கு போல்ட்டுகள் மட்டும் நின்றன. 1990இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதைத்தான் எல்லோரும் குற்றவாளியாக்குகிறார்கள். அது வேகத்தைக் கூட்டியது என்பதில் சந்தேகமில்லை. ஆழத்திலிருந்து இறைப்பதற்கு இருந்த கடைசி விலையையும் அது எடுத்துவிட்டது. ஆனால் முதல் இரண்டு மேடைகளும் காசு கொடுத்து மின்சாரம் வாங்கிய காலத்தில் குடைந்தவை.

1983 கோப்பில் என்னை நிறுத்திய இடம் வேறு. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: அருகில் உள்ள பாசனக் கிணறு எவ்வளவு தூரம்? அதற்கு எதிரே 200 மீட்டர் என்று எழுதியிருந்தது. அந்தப் பதில் பொய். வேலிக்கு அந்தப்புறம், அறுபது எட்டு தூரத்தில், பங்காளி வீட்டுக் கிணறு ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது, உள்ளே வேலிக்காத்தான் முளைத்து.

கேள்வி அநாவசியமானதல்ல. இறைக்கும்போது கிணற்றைச் சுற்றியுள்ள நீர்மட்டம் கூம்புபோல் குழிகிறது. நடுவில் ஆழமாகவும் விலக விலக மேலாகவும். கிணறு ஆழமாக ஆக, இறைக்கும் நேரம் நீள நீள, கூம்பின் வாய் அகலும். அதற்குள் அகப்பட்ட ஆழம் குறைந்த கிணறு தன் தண்ணீரை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விடுவதுபோல் விட்டுக்கொடுக்கும். கிணறு வறண்டது மழையால் என்றுதான் அந்தக் கிணற்றுக்காரருக்குத் தோன்றும். இரண்டு கிணற்றுக்கும் மழை ஒன்றுதான் என்பது பிறகு உறைக்கும். அந்த வீட்டில் அப்போது ஆண் துணை இல்லை. ஒரு ஆத்தாவும் இரண்டு பையன்களும். ஆழப்படுத்தக் கடன் கேட்க அடமானத்துக்கு அவளிடம் தெளிவான பத்திரமில்லை. 1986இல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் இதை விதி என்று சொல்வார்கள். கோப்பைப் பார்த்த ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "அப்பாருக்குத் தெரியாம இருக்குமா கண்ணு. அவிய கெணத்துல தண்ணி எறங்குனப்ப நம்ம கெணத்துல ஏறுச்சல்ல" என்றாள். ஏறியது தண்ணீர் அல்ல, பக்கத்துக் கிணற்றின் பங்கு. அவள் சொன்னது பௌதிகமாகவும் ஏறக்குறையச் சரி.

அப்பாருவைக் குற்றம் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவிகிதத்துக்குமேல் பொய்த்தது. மறு வருஷம் சித்தப்பா என் மேசைமுன் வந்து நின்றார். தென்னை நானூறு மரம் காய்ந்துகொண்டிருந்தது. மதிப்பீட்டில் இறைப்பு ஊறலைத் தாண்டிவிட்ட வட்டாரங்களில் புதுக் கிணற்றுக்குக் கடன் கொடுப்பதில்லை. எழுபதுகளில் தாராளமாகக் கொடுத்த கை, காலம் கடந்து மூடிக்கொண்டது. ஆனால் நகைக் கடனுக்கு அப்படியொரு தடை கிடையாது. சித்தியின் ஒன்பது பவுனை எடை போட்டு, நோக்கம் என்ற இடத்தில் பயிர்ச் செலவு என்று எழுதினேன். என் கையெழுத்து. எதற்கென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அருகில் உள்ள கிணறு எவ்வளவு தூரம் என்று அந்தத் தாள் கேட்கவில்லை. அப்பாரு காலத்துத் தாளாவது ஒரு பொய்யைக் கோரியது. எனக்குப் பொய் சொல்லும் சிரமமும் இல்லை. 1,050 அடி போட்டார்கள். 640இல் ஒன்றரை இஞ்சுத் தண்ணீர் கிடைத்தது. முதலில் நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடியது. நான்கு மாதத்தில் ஒரு மணி நேரமாகி, பிறகு மண்ணும் காற்றுமாகக் கக்க ஆரம்பித்தது. ஆழத்து வெடிப்பில் யுகக்கணக்கில் தேங்கியிருந்த ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்திருக்கிறோம். அதற்கு மேலிருந்து வந்து சேர வழி அநேகமாக இல்லை.

அதன்பிறகுதான் இந்த விஷயத்தில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு சிறு கட்டுரை என் கணக்கையே கலைத்துப்போட்டது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையில் வேலை பார்த்த தைஸ் என்பவர் 1940இல் எழுதியது. கிணற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அவருடைய பதில் எளியது. கிணறு வெட்டுவதற்கு முன்னால் பூமி சும்மா இருக்கவில்லை. வருகிற வரவுக்குச் சமமாக எங்கோ செலவு ஆகிக்கொண்டுதான் இருந்தது. இல்லாவிட்டால் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போய்த் தரைக்கு மேல் வந்திருக்கும். ஆகவே நாம் எடுக்கும் ஒவ்வொரு குடமும் முன்பு வேறெங்கோ போய்க்கொண்டிருந்த குடமாக இருக்கலாம், சேமிப்பிலிருந்து கரைந்ததாக இருக்கலாம், அல்லது நாம் காலி செய்த இடத்தில் கூடுதலாக ஊறியதாக இருக்கலாம். நான்காவது வழி இல்லை.

பத்து ஏக்கர் தோட்டம் வரை கணக்கு நேராகும் என்று மேலே எழுதினேனே, அங்கே நான் ஒருவரை விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். ஊருக்குக் கிழக்கே நொய்யலைப் பார்த்துப் போகும் பள்ளத்தில் மழை நின்று மூன்று மாதம் கழித்தும், மாசிவரை, தெளிந்த தண்ணீர் ஓடியதாக அப்பாரு சொல்லுவார். மழை நின்றபின் ஓடிய அந்தத் தண்ணீர் நிலத்தடி நீர்தான். நீர்மட்டம் பள்ளத்தின் தரையைவிட உயர்ந்திருந்ததால் கசிந்து வந்தது. ஐந்து சென்டிமீட்டர் வரவில் கணிசமான பங்கு ஏற்கெனவே அதற்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. வரவுக்குள் செலவு செய்தால் போதும் என்பது நம் அளவில் நியாயம். பள்ளத்தின் அளவில் அதுவே முழுக் கொள்ளை. நீர்மட்டம் பள்ளத்தின் தரைக்குக் கீழே போன வருஷம், கிணறுகளெல்லாம் இன்னும் ததும்பிக்கொண்டிருந்தபோதே, அது நின்றுவிட்டது. முதலில் வறண்டது கிணறு அல்ல. எங்கள் பின்னறையில் அதற்குக் கோப்பு இல்லை. அடுத்து வறண்டது பங்காளி வீட்டுக் கிணறு. அதற்கும் கோப்பு இல்லை. கடன் வாங்க முடிந்தவனின் கிணறு வறண்டபோதுதான் அது எழுத்தில் ஏறியது.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கியது. பவானியின் உபரித் தண்ணீரை வருஷத்துக்கு ஒன்றரை டி.எம்.சி. குழாய்வழி இறைத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது. அறுபது வருஷத்துக் கோரிக்கை. குட்டையில் தண்ணீர் விழுந்த அன்று ஊரில் பொங்கல் வைத்தார்கள், நானும் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஆவியாகாமல் அவ்வளவும் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தாலும், அரை மீட்டர் கணக்கில் சுமார் 21,000 ஏக்கருக்கு ஒரு போகம். மூன்று மாவட்டங்களுக்கு. குட்டைக்கு அண்டைக் கிணறுகளில் மட்டம் ஏறும்; ஏறியதை நம்பி இன்னும் நாலு பேர் வாழை வைத்தால் இறங்கும். வரவைக் கூட்டுவதால் மட்டும் இந்தக் கணக்கு நேராகாது.

செலவை ஊரே உட்கார்ந்து பேசிய இடம் ஒன்று உண்டு. ஆந்திராவில், எங்களைப் போலவே பாறை நிலமுள்ள சில நூறு கிராமங்களில், இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களில் விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, மழை முடிந்ததும் இருப்பு இவ்வளவு என்று சுவரில் எழுதிவைத்து, அடுத்த போகத்துக்கு என்ன விதைப்பது என்று யோசித்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பலர் நெல்லை விட்டுக் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாறினார்கள். எல்லா ஊரிலும் நிலைக்கவில்லை. ஆனாலும் மாடு முன்பு செய்த வேலையை அங்கே ஒரு அளவுநாடா செய்திருக்கிறது.

நான் அளக்கிறேன். ஜனவரியிலும் மே கடைசியிலும், பழைய கிணற்றின் விளிம்பில் ஒரே கல்லில் நின்று, கல் கட்டிய நாடாவை இறக்கி. மே மாதத்து எண் ஏமாற்றும். எல்லா வருஷமும் அது மோசமாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது ஜனவரி எண்ணை, மழை முடிந்தபின் எவ்வளவு திரும்பி ஏறியது என்பதை. நல்ல மழைக்குப் பிறகும் அது பழைய இடத்தைத் தொடாவிட்டால் வருவதைவிடப் போவது அதிகம் என்று அர்த்தம். 2021இல் அபாரமான மழை. 2022 ஜனவரியில் இந்தக் கிணற்றில் 24 அடித் தண்ணீர் நின்றது, இரண்டாவது மேடை வரை. சித்தப்பா பூ போட்டுக் கும்பிட்டார். சந்து சிறியதானால் சீக்கிரம் நிறையும். சீக்கிரம் வடியவும் செய்யும். சுற்றிலும் மோட்டார்கள் ஓடின, எங்களுடையதும் ஓடியது. ஏப்ரலில் தரை தெரிந்தது. பள்ளத்தில் அந்த வருஷமும் மழைவெள்ளம் மூன்று நாள் ஓடி நின்றதோடு சரி.

அப்பாருவின் 1983 கோப்பைக் கழிக்கும் பட்டியலில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடன் முழுவதும் வட்டியோடு கட்டித் தீர்க்கப்பட்டது என்று கடைசித் தாளில் முத்திரை இருந்தது. அதை மறுக்கும்படியான ஆவணம் எதுவும் எங்களிடம் இல்லை.